மூன்று தவறான எண்களும் சூத்திரத்தின் கண்ணில் படாமல் போனது ஏன்?

கேள்வி: பண்ருட்டிப் பக்கம் ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். காலைப் பால் ஊற்றிய 12 உறுப்பினர்களின் கொழுப்பு அளவை எக்செல்லில் ஏற்றி, சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கத்துக்கு மேல் தள்ளி நிற்பதைச் சிவப்பாகக் காட்டச் சூத்திரம் போட்டிருக்கிறேன். நேற்று அவசரத்தில் மூன்று இடங்களில் புள்ளி விட்டுப்போய் 42, 39, 44 என்று விழுந்துவிட்டது. ஆனால் ஒன்றுகூடச் சிவப்பாகவில்லை. சூத்திரத்தில் எங்கே தவறு?

பதில்:

உங்கள் சூத்திரத்தில் தவறு இல்லை. அது கேட்டதைச் சரியாகவே கணக்கிட்டிருக்கிறது. சிக்கல் அந்த விதியிலேயே இருக்கிறது. எந்த எண்கள் தவறானவை என்று கண்டுபிடிக்க வேண்டுமோ, அதே எண்களையும் சேர்த்துத்தான் சராசரியும் திட்ட விலக்கமும் கணக்கிடப்படுகின்றன. திருடனையும் பஞ்சாயத்தில் உட்காரவைத்துத் தீர்ப்புக் கேட்பது போன்றது அது. ஒரு திருடன் என்றால் பஞ்சாயத்து சமாளித்துவிடும். பன்னிரண்டு பேரில் மூன்று பேர் என்றால் தீர்ப்பு அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

நீங்கள் முழுப் பட்டியலையும் தராததால், பசும்பால் வாங்கும் ஒரு சங்கத்தின் காலை வேளைக்குப் பொருந்தக்கூடிய 12 எண்களை நானே எடுத்துக்கொள்கிறேன்: 4.1, 4.3, 3.9, 4.2, 4.0, 4.4, 4.1, 2.6, 4.3, 42, 39, 44. இவற்றில் கடைசி மூன்றும் 4.2, 3.9, 4.4 என்று இருந்திருக்க வேண்டியவை. எட்டாவதாக உள்ள 2.6 தட்டச்சுப் பிழை அல்ல என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தப் பன்னிரண்டின் சராசரி 13.4. பசும்பாலில் எந்தக் காலத்திலும் பார்க்க முடியாத அளவு அது. திட்ட விலக்கம் 17.1. அப்படியானால் மேல் எல்லை 13.4 உடன் 34.2 சேர்த்து ஏறத்தாழ 47.6 ஆகிறது, கீழ் எல்லை கழித்தல் 20.8 ஆகிறது. பட்டியலிலேயே பெரியதான 44 கூட 47.6 க்கு உள்ளே அடங்கிவிடுவதால் எதுவும் சிவப்பாகாது. 2.6 ஐப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இங்கே கீழ் எல்லை கழித்தல் எண்ணாக வந்திருப்பதைக் கவனியுங்கள். பாலில் கொழுப்பு பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது. உங்கள் தாளில் இரண்டு எல்லைகளையும் தனிக் கட்டங்களில் வெளிப்படையாகக் கணக்கிட்டு வைத்திருந்தால், சிவப்பு நிறம் வராவிட்டாலும் இந்த எல்லைகளைப் பார்த்தே ஏதோ கெட்டிருக்கிறது என்று தெரிந்திருக்கும். நிறத்தை மட்டும் காட்டி எல்லையை மறைத்துவைக்கும் தாள்களை நான் நம்புவதில்லை.

இதைவிட வியப்பானது ஒன்று உண்டு. பிழை இன்னும் பெரிதாக இருந்தால் விதி அதைப் பிடித்திருக்கும் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் அப்படி நடக்காது. கணக்கு எளிதாக இருக்க, ஒன்பது பேருக்கு 4 என்றும் மூன்று பேருக்கு 40 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 13, சராசரியிலிருந்து 40 விலகியிருக்கும் தூரம் 27, திட்ட விலக்கம் 16.3. தூரத்தைத் திட்ட விலக்கத்தால் வகுத்தால் 1.66 வருகிறது. இப்போது 40 ஐ 400 ஆக மாற்றுங்கள். சராசரி 103 க்கு ஏறுகிறது, தூரம் 297 ஆகிறது, ஆனால் திட்ட விலக்கமும் கூடவே 179 க்கு வீங்கிவிடுகிறது. வகுத்தால் மறுபடியும் அதே 1.66 தான். நாற்பதாயிரம் என்று எழுதினாலும் இரண்டைத் தாண்டாது, ஏனென்றால் எண் எவ்வளவு தூரம் ஓடுகிறதோ அவ்வளவு அளவுகோலும் நீண்டுகொண்டே போகிறது.

ஆகவே இங்கே தீர்மானிப்பது பிழையின் அளவு அல்ல, பிழையானவை மொத்தத்தில் எத்தனை பங்கு என்பதே. தவறான எண்கள் ஒரே பக்கத்தில், ஏறத்தாழ ஒரே உயரத்தில் நின்றால், அவை பட்டியலில் ஐந்தில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ எட்டியவுடன் இரண்டு திட்ட விலக்க விதி முற்றாகக் குருடாகிவிடுகிறது. உங்களுக்கு 12 இல் 3, அதாவது நான்கில் ஒரு பங்கு. ஒரே ஒரு புள்ளி மட்டும் விட்டுப்போயிருந்தால் அது நிச்சயம் சிவப்பாகியிருக்கும். இரண்டு என்றாலும், இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால், 2.14 என்ற அளவில் தப்பித் தவறி மாட்டியிருக்கும். மூன்றாவது சேர்ந்ததும் மூன்றும் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டன. புள்ளியியலில் இதை மறைப்பு விளைவு என்பார்கள். தவறான எண்கள் ஒரே அளவில் இல்லாமல், ஒன்று 42 ஆகவும் மற்றொன்று 420 ஆகவும் இருந்தால், பெரியது பிடிபட்டு அதன் நிழலில் சிறியது தப்பிக்கும்.

இதிலிருந்தே கிடைக்கும் இன்னொரு முடிவு சிறிய பட்டியல் வைத்திருப்போருக்கு மிகவும் வேண்டியது. ஐந்தே எண்கள் உள்ள ஒரு நெடுவரிசையில் ஒரே ஒரு தவறான எண்ணே ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. எனவே ஐந்து அல்லது அதற்குக் குறைவான எண்கள் உள்ள பட்டியலில் இந்த விதி எந்தக் காலத்திலும் எதையும் சிவப்பாக்காது. 4, 4, 4, 4, பத்து லட்சம் என்று எழுதிப் பாருங்கள், 1.79 க்கு மேல் போகாது. எண்ணிக்கை n என்றால், STDEV.S கொண்டு கணக்கிடும்போது ஓர் எண் எட்டக்கூடிய உச்ச விலக்கம் இதுதான்:

```
(n-1)/SQRT(n)
```

ஆறு எண்களுக்கு இது 2.04, அதாவது ஆறில்தான் விதிக்குக் கண் திறக்கிறது, அதுவும் ஒரு கீற்றுக்கு. மூன்று திட்ட விலக்க விதியை வைத்திருப்பவர்களுக்குப் பதினொரு எண்களாவது வேண்டும். இத்தகைய உச்ச வரம்பு ஒன்று உண்டு என்பதைப் பொருளியல் அறிஞர் பால் சாமுவெல்சன் 1968 இல் எழுதிய பிறகு அது பரவலாக அறியப்பட்டது. இருந்தும், நான்கு கிளைகளின் விற்பனையை வைத்துக்கொண்டு இந்த விதியைப் போட்டு, நான்கும் நன்றாக இருக்கின்றன என்று நிம்மதியாக இருந்த ஒருவரைப் புதுச்சேரியில் நானே சந்தித்திருக்கிறேன்.

சிவப்பானதை நீக்கிவிட்டு மறுபடியும் சராசரி எடுத்தால் போதாதா என்று பலர் கேட்பார்கள். முதல் சுற்றில் ஏதாவது ஒன்று சிவப்பானால்தானே இரண்டாம் சுற்றுக்குப் போக முடியும்? உங்கள் தாளில் அந்த முதல் அடியே எடுத்துவைக்க முடியவில்லை.

இதற்குச் சரியான மாற்று, தவறான எண்களால் அசைக்க முடியாத ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்வது. சராசரிக்குப் பதில் இடைநிலையை, அதாவது எண்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக நிறுத்தும்போது நடுவில் நிற்பதை எடுங்கள். திட்ட விலக்கத்துக்குப் பதில், ஒவ்வோர் எண்ணும் அந்த இடைநிலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்து, அந்தத் தூரங்களுக்கும் ஓர் இடைநிலையை எடுங்கள். நம் பட்டியலை வரிசைப்படுத்தினால் 2.6, 3.9, 4.0, 4.1, 4.1, 4.2, 4.3, 4.3, 4.4, 39, 42, 44 என்று வரும். நடுவில் 4.2 உம் 4.3 உம் இருப்பதால் இடைநிலை 4.25. மூன்று பிசாசுகள் ஓரத்தில் நின்றாலும் இது பசும்பாலின் அளவாகவே இருக்கிறது. தூரங்களின் இடைநிலை 0.20. இதை 1.4826 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 0.30. மணி வடிவில் சீராகப் பரவிய எண்களுக்கு இந்தப் பெருக்கல் திட்ட விலக்கத்துக்கு இணையான அளவைத் தந்துவிடும். அந்த எண் அதற்காகவே வைக்கப்பட்டது. இப்போது இருமடங்கு தூரம் 0.6 என்பதால் எல்லைகள் 3.66 உம் 4.84 உம் ஆகின்றன. 39, 42, 44 மூன்றும் சிவப்பாகும். கூடவே, இதுவரை எவர் கண்ணிலும் படாமல் இருந்த 2.6 உம் சிவப்பாகும். நல்ல எண் ஒன்றுகூட மாட்டவில்லை. பட்டியலில் பாதிக்குக் கீழே தவறு இருக்கும்வரை இந்த அளவுகோல் கையில் நிற்கும். ஐந்தில் ஒன்றோடு ஒப்பிட்டால் அது பெரிய தாக்குப்பிடிப்பு.

கொழுப்பு அளவு C2 முதல் C13 வரை இருப்பதாகக் கொண்டால், E1 இல் முதல் வரியையும் E2 இல் இரண்டாவது வரியையும், D2 இல் மூன்றாவது வரியையும் எழுதி, D2 ஐக் கீழே இழுத்துக்கொள்ளுங்கள்.

```
=MEDIAN(C2:C13)
=1.4826*MEDIAN(IF(ISNUMBER(C2:C13),ABS(C2:C13-E1)))
=IF(ISNUMBER(C2),IF(ABS(C2-E$1)>2*E$2,"பார்",""),"எண் இல்லை")
```

பழைய எக்செல் என்றால் இரண்டாவது வரியை எழுதி முடித்ததும் வெறும் Enter தட்டாமல் Ctrl+Shift+Enter தட்ட வேண்டும். இல்லாவிட்டால் விடை தவறாக வரும். ISNUMBER ஐ வீம்புக்கு நுழைக்கவில்லை. பால் ஊற்றாத உறுப்பினரின் கட்டம் காலியாக இருந்தால், கழித்தல் கணக்கில் எக்செல் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு வராதவரைக் குற்றவாளியாக்கிவிடும். அதைப் போலவே 4.2 என்பதற்குப் பதில் கை தவறி 4-2 என்று அடித்தால், நாளை முதலில் எழுதும் நம் ஊர்த் தேதி அமைப்பில் எக்செல் அதைப் பிப்ரவரி 4 என்று புரிந்துகொள்ளும். கட்டத்தில் தேதி தெரிந்தாலும் உள்ளே இருப்பது 45 ஆயிரத்தைத் தாண்டிய ஓர் எண். சராசரி திடீரென்று ஆயிரக்கணக்கில் போனால் முதலில் இதைத் தேடுங்கள்.

இந்த முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு. உங்கள் வேலையில் அது அடிக்கடி எதிர்ப்படும் என்பதால் சொல்லிவிடுகிறேன். கொழுப்பை ஒரே தசம இடத்தோடு எழுதுகிறீர்கள். பன்னிரண்டு பேரில் ஏழு பேருக்கு 4.1 என்றே வந்துவிட்டால், பாதிக்கு மேற்பட்ட தூரங்கள் பூஜ்யமாகி E2 உம் பூஜ்யமாகிவிடும். அப்போது 4.2 ஊற்றியவர்கூடச் சிவப்பாவார். இதைத் தவிர்க்க E2 க்கு ஒரு தரைமட்டம் வைக்க வேண்டும். இரண்டாவது வரியை MAX(0.15, …) என்பதற்குள் அடைத்துவிட்டால், எந்த நாளும் எல்லை இடைநிலைக்கு 0.3 க்குக் குறையாமல் விலகியிருக்கும். 0.15 என்பது என் தேர்வு. ஒரே பாலை உங்கள் கருவியில் நான்கைந்து முறை வைத்துப் பார்த்து, அளவு எவ்வளவு ஆடுகிறது என்பதைக் கொண்டு நீங்களே ஓர் எண்ணை முடிவுசெய்வது இன்னும் பொருத்தம்.

உண்மையில் 42 ஐப் பிடிக்கப் புள்ளியியலே தேவையில்லை. Data Validation இல் 2 க்கும் 10 க்கும் இடைப்பட்ட தசம எண் மட்டுமே ஏற்கப்படும் என்று வைத்துவிட்டால், 42 கட்டத்துக்குள்ளேயே நுழையாது. 4-2 என்று விழுந்த தேதியும் நுழையாது. நடக்கவே முடியாத எண்ணை வாசலிலேயே நிறுத்த வேண்டும். நடக்கக்கூடிய, ஆனால் வழக்கத்துக்கு மாறான எண்ணைத்தான் விலக்க விதியிடம் விட வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே சூத்திரத்தின் தலையில் கட்டியதால்தான் முதல் வகை இரண்டாவது வகையை மூடிவிட்டது. புள்ளிகளைத் திருத்தி 4.2, 3.9, 4.4 என்று மாற்றிவிட்டு உங்கள் பழைய சூத்திரத்தையே போட்டுப் பாருங்கள்: சராசரி 4.03, திட்ட விலக்கம் 0.48, எல்லைகள் 3.07 உம் 5.0 உம். இப்போது 2.6 தானாகவே சிவப்பாகும்.

எருமைப்பாலும் வாங்கும் சங்கம் என்றால் இரண்டையும் ஒரே நெடுவரிசையில் வைத்து எந்த விதியையும் போடாதீர்கள். பசும்பால் நான்கைச் சுற்றியும் எருமைப்பால் ஏழைச் சுற்றியும் கூடி நிற்கும். சராசரி எந்தப் பாலும் இல்லாத ஐந்தரையில் வந்து உட்காரும். தண்ணீர் கலந்த எருமைப்பால் 5 என்று வந்தால், அதுதான் சராசரிக்கு மிக நெருக்கமான நல்ல பிள்ளையாகத் தெரியும். காலை வேளையையும் மாலை வேளையையும்கூடப் பிரித்துவிடுங்கள். இரண்டு கறவைக்கும் இடையிலான நேரம் குறைவாக இருப்பதால் மாலைப் பாலில் கொழுப்பு சற்றுக் கூடுதலாக வருவது இயல்பு.

இன்னொன்று, இரண்டு என்ற அந்த எல்லையின் பொருள். எண்கள் மணி வடிவில் பரவியிருந்தால், எந்தத் தவறும் இல்லாமலேயே நூற்றில் நான்கரை எண்கள் இரண்டு திட்ட விலக்கத்துக்கு வெளியே விழும். இருபத்திரண்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். 12 உறுப்பினர், இரண்டு வேளை, 30 நாள் என்றால் மாதம் 720 பதிவு. அதில் முப்பதுக்கு மேல் சும்மாவே சிவப்பாகும். மணி வடிவில் இல்லாத எண்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. அன்றாட மழையளவை எடுத்துக்கொண்டால், பெரும்பாலான நாள் பூஜ்யம், சில நாள் மட்டும் கொட்டும். ஃபெஞ்சல் புயலின்போது 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 46 செ.மீ.க்கு மேல் மழை பதிவானது. எந்த விலக்க விதியும் அதைத் தூக்கி வெளியே வைக்கும். ஆனால் அந்த மழையில் முழங்கால் தண்ணீரில் நின்றவன் என்ற முறையில் அது பிழையான எண் அல்ல என்று நானே சாட்சி சொல்வேன். எனவே சூத்திரம் எழுதும் சொல் “தவறு” என்று இருக்கக் கூடாது. மேலே “பார்” என்று நான் எழுதியிருப்பதற்குக் காரணம் அதுதான்.

இனி அந்த 2.6 க்கு வருவோம். சிவப்பானதும் அந்த உறுப்பினர் தண்ணீர் கலந்தார் என்று முடிவுகட்டிவிடாமல், பக்கத்து நெடுவரிசையைப் பாருங்கள். தண்ணீர் கலந்தால் கொழுப்பும் இறங்கும், லாக்டோமீட்டர் அளவும் இறங்கும், கொழுப்பல்லாத திடப்பொருளும் இறங்கும். ஆடை எடுத்த பால் என்றால் கொழுப்பு இறங்கும், ஆனால் லாக்டோமீட்டர் சற்று ஏறும், ஏனென்றால் கொழுப்பு பாலைவிட இலேசானது. கேனைக் கலக்காமல் அடியிலிருந்து மாதிரி எடுத்திருந்தாலும் இதே தோற்றம்தான் வரும், ஏனென்றால் கொழுப்பு மேலே மிதந்துவிடும். அதில் உறுப்பினர் மீது குற்றமே இல்லை. மாதிரி எடுத்தவர் மீதுதான். இன்னொரு வழியும் உண்டு. கறவையின் தொடக்கத்தில் வரும் பாலில் கொழுப்பு குறைவு, கடைசியில் வரும் பாலில்தான் அதிகம். முதல் பாலைக் கறந்துகொண்டு, கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டவரின் பால் ஒரு சொட்டுத் தண்ணீர் சேராமலேயே 2.6 காட்டக்கூடும். ஆடையையும் எடுத்துத் தண்ணீரையும் சேர்த்தால் லாக்டோமீட்டர் ஏறியும் இறங்கியும் வழக்கமான இடத்திலேயே நின்றுவிடும் என்பதால், அந்த அளவு சரியாக இருப்பதை மட்டும் வைத்து நல்ல பால் என்று சொல்லிவிடவும் முடியாது.

கேன் இன்னும் சங்கத்தில் இருந்தால் நன்றாகக் கலக்கி மறுபடி மாதிரி எடுங்கள். போய்விட்டதென்றால், அன்றைய மற்றப் பதினொரு பேரோடு ஒப்பிட்டதோடு நிறுத்தாமல், அதே உறுப்பினரின் கடந்த முப்பது காலை வேளைகளை ஒரு நெடுவரிசையாக எடுத்து, மேலே சொன்ன இடைநிலை முறையை அதற்கும் போட்டுப் பாருங்கள். அவருடைய மாடு எப்போதுமே மூன்றுக்குக் கீழே தருவதாக இருந்தால், ஊர்ப் பட்டியலில் விலகி நிற்கும் 2.6 அவருடைய சொந்தப் பட்டியலில் விலகியே நிற்காது.